இலைக்கு 180 என்று யார் சொன்னது? ஒரு கல்யாணப் பேச்சைக் குறிப்பாக்கிய விதம்

மாசி முகூர்த்தத்துக்குத் தங்கையின் கல்யாணம். எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், மாப்பிள்ளை வீடு வில்லியனூரில். நிச்சயம் முடிந்த வாரமே எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும் என்றார் அப்பா. எல்லோரும் ஒரே ஊரில் இல்லை. பெரியப்பா திருப்பாதிரிப்புலியூரில், அத்தை நெல்லிக்குப்பத்தில், மாமா பண்ருட்டியில், சித்தப்பா சிங்கப்பூரில். அதனால் வாட்ஸ்அப்பில் குரூப் கால் போட்டோம். மாப்பிள்ளையின் அக்கா கணவரும் முதல் முக்கால் மணி நேரம் இருந்தார். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால், சித்தப்பாவுக்கு நடுராத்திரி ஆகிவிடக் கூடாது என்று மாலையிலேயே ஆரம்பித்தோம். பேச்சு ஒன்றரை மணி நேரம் போனது.

பேசியதைக் குறிப்பாக எழுதி எல்லோருக்கும் அனுப்புவது என் வேலை. எல்லோரிடமும் சொல்லிவிட்டு இன்னொரு போனில் பேச்சைப் பதிவு செய்தேன். கூடவே நோட்டில் கிறுக்கியும் வைத்தேன். அந்த ஒன்றரை மணி நேரப் பேச்சு இரண்டு பக்கக் குறிப்பானது எப்படி, எந்த இடத்தில் கை தயங்கியது, தப்பாக எழுதியிருந்தால் எவ்வளவு பணம் கணக்கில் விட்டுப்போயிருக்கும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் நேர வரிசையைக் கலைத்தேன்

குடும்பப் பேச்சு அலுவலகக் கூட்டம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகாது. எங்கள் பேச்சில் சாப்பாடு நான்கு தடவை வந்தது. நடுவில் பத்திரிகை வந்தது, மண்டபம் வந்தது, சித்தப்பா மகளின் பரீட்சைகூட வந்து போனது. பேசிய வரிசையிலேயே எழுதினால் படிப்பவருக்கு ஒரு விஷயம் நான்கு இடத்தில் நான்கு விதமாகக் கிடைக்கும். அதனால் பதிவைக் கேட்கும்போதே சாப்பாடு, மண்டபம், கோயில், பூ, வண்டி என்று தலைப்புக்கு ஒரு தாள் போட்டேன். எந்தத் தாளில் எது எழுதினாலும் பக்கத்தில் யார் சொன்னது, எத்தனையாவது நிமிடம் என்று குறித்தேன். அந்த இரண்டும் இல்லாத வரியைப் பின்னால் யாரிடமும் போய்ச் சரிபார்க்க முடியாது. ‘இலைக்கு 180’ என்று மட்டும் ஒரு வரி இருந்தால் அது யார் கேட்ட விலை, எந்தச் சாப்பாட்டுக்கு என்று ஒரு வாரம் கழித்து யாருக்கும் நினைவு இருக்காது.

சாப்பாட்டுத் தாள்

மற்ற எல்லாத் தலைப்பையும் சேர்த்தால் வரும் பணத்துக்குச் சமமாகச் சாப்பாடு ஒன்றே நிற்கும். அதனால் இந்தத் தாளை மட்டும் முழுசாகக் காட்டுகிறேன். பதிவில் இருந்தது இதுதான்.

12ஆவது நிமிடம், அப்பா: “சமையல்காரர் இலைக்கு 180 சொன்னாரு.” உடனே பெரியப்பா, “நம்ம பக்கம் 300 பத்திரிகை அடிக்கணும்” என்றார்.

38ஆவது நிமிடம், மாமா: “300 பத்திரிகைன்னா 600 பேர்னு போட்டுக்கோ.” அதற்கு அத்தை, “காலைல யாரு வர்றாங்க? எல்லாரும் ராத்திரி வரவேற்புக்கு வந்துட்டு மொய் எழுதிட்டுப் போயிடுவாங்க” என்றார்.

41ஆவது நிமிடம், மாப்பிள்ளையின் அக்கா கணவர்: “எங்க பக்கம் ராத்திரிக்கு 150, காலைக்கு 100 வச்சுக்கலாம் சார்.”

55ஆவது நிமிடம், அப்பா: “அந்த 180 மதியச் சாப்பாடு மட்டும்பா. வரவேற்பு டிபன் 220. காலை டிபன் 90.”

71ஆவது நிமிடம், சித்தப்பா: “அண்ணே, சாப்பாட்டுக்கு ரெண்டு லட்சம்னு வச்சுக்கோங்க.”

38ஆவது நிமிடத்தோடு நிறுத்தி எழுதியிருந்தால் 600 இலை, இலைக்கு 180, மொத்தம் 1,08,000 ரூபாய் என்று பளிச்சென்று ஒரு கணக்கு வந்திருக்கும். பார்க்கவும் சரியாகவே இருக்கும். ஆனால் அதில் வேளை பிரிக்கப்படவில்லை, விலை மதியத்துக்கு மட்டுமானது, ஆள் கணக்கில் மாப்பிள்ளை வீட்டார் இல்லை. கல்யாணச் சாப்பாட்டுக் கணக்கு எப்போதும் வேளைக்கு வேளை தனித்தனி. ராத்திரி வருகிறவர் வேறு, காலை டிபனுக்கு இருப்பவர் வேறு, தாலி கட்டி முடிந்து பந்தியில் உட்காருகிறவர் வேறு. ஆகவே ஒவ்வொரு வேளைக்கும் தனி வரி போட்டு, கடைசியாகச் சொன்ன விலையை எடுத்துக்கொண்டேன். வரவேற்புக்கு நம் பக்கம் 350, அவர்கள் பக்கம் 150, ஆக 500 இலை, 220 வீதம் 1,10,000. காலை டிபன் இரண்டு பக்கமும் சேர்த்து 200, 90 வீதம் 18,000. மதியம் 300 இலை, 180 வீதம் 54,000. மூன்றும் சேர்ந்து 1,82,000. முதல் கணக்கைவிட 74,000 கூடுதல்.

இதில் நம் பக்கத்து ஆள் கணக்கான 350ஐயும், காலை, மதிய எண்ணிக்கையையும் அந்தப் பேச்சில் யாரும் இந்த வடிவத்தில் சொல்லவில்லை. அத்தை சொன்னதை வைத்தும், அப்பாவிடம் பிறகு கேட்டும் போட்டது. அதனால் குறிப்பில் விலைக்குப் பக்கத்தில் ‘சமையல்காரர் சொன்னது’ என்றும், இலைக்குப் பக்கத்தில் ‘கணிப்பு’ என்றும் எழுதினேன். இரண்டையும் பெருக்கி வரும் 1,82,000 கணிப்புதான். கேட்ட விலையைக் கணிப்பு எண்ணிக்கையால் பெருக்கினால் விடையும் கணிப்பு. குறிப்பில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் அதை எல்லோரும் முடிவான தொகையாக மனதில் பதித்துக்கொண்டுவிடுவார்கள்.

இப்போது சித்தப்பாவின் இரண்டு லட்சம். 1,82,000க்கும் இரண்டு லட்சத்துக்கும் 18,000 வித்தியாசம். அவர் தோராயமாகச் சொன்ன தொகை என்று எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கலாம். கைக்காவலாக ஒரு 18,000 சேர்த்துச் சொல்கிறார் என்றும் எடுக்கலாம். பதிவைத் திரும்பக் கேட்டபோது அவர் அதைச் சொன்ன குரலும், அதற்கு அப்பா பதிலே சொல்லாமல் பேச்சை மாற்றியதும் வேறு மாதிரி பட்டது. ‘சித்தப்பா: சாப்பாட்டுக்கு 2 லட்சம், மதிப்பீடா, தருவதா? கேட்க’ என்று மட்டும் என் தாளில் வைத்துக்கொண்டு, தனியாகப் போன் செய்தேன்.

“சித்தப்பா, அன்னைக்கு ரெண்டு லட்சம்னு சொன்னீங்களே, அது செலவு அவ்வளவு ஆகும்னு சொன்னீங்களா?”

“இல்லடா. சாப்பாடு என்னுது. அண்ணன் எல்லார் முன்னாடியும் வேணாம்னுடுவாருன்னுதான் நேரா சொல்லல. ஆனா பணம் அடுத்த மாசச் சம்பளத்துலதான் அனுப்ப முடியும்.”

ஒரே எண் மதிப்பீடாக இருந்தால் செலவுப் பக்கம் போகும், தருவதாக இருந்தால் வரவுப் பக்கம் போகும். இடம் மாறினால் பட்ஜெட் தலைகீழாகிவிடும். பணம் வரும் தேதியும் முக்கியம். சமையல்காரருக்கு அட்வான்ஸ் இந்த மாதமே கொடுத்தாக வேண்டும், அவர் பணம் வருவதோ அடுத்த மாதம். அதனால் பணக் குறிப்பில் ஒவ்வொரு செலவுக்கும் அட்வான்ஸ் எப்போது, பாக்கி எப்போது, எந்தக் கையிலிருந்து என்று மூன்றையும் எழுத வேண்டியிருந்தது. அட்வான்ஸைப் பெரியப்பா கொடுத்துவிட்டு, சித்தப்பா பணம் வந்ததும் எடுத்துக்கொள்வது என்று இரண்டு போனில் முடிந்தது.

சாப்பாட்டில் இன்னொரு எண் பேச்சில் வரவே இல்லை, ஆனால் குறிப்பில் கேள்வியாக இருக்க வேண்டியது. இலைக் கணக்கில் காண்ட்ராக்ட் பேசும்போது ‘குறைந்தது இத்தனை இலை’ என்று ஒரு எண்ணுக்கு ஒப்புக்கொள்வோம். வருகிற ஆள் அதற்குக் கீழே போனாலும் அந்த எண்ணுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். மேலே போனால் கூடுதல் இலைக்குக் கூடுதல் பணம். எதிர்பார்ப்பது 500 என்பதற்காக 500க்கே ஒப்புக்கொண்டால், 430 பேர் வந்தாலும் 500க்குக் கொடுக்க வேண்டும். அப்பாவிடம் இதைச் சொல்லி, சமையல்காரரிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னேன்: குறைந்தபட்ச இலை எவ்வளவு, அன்றைக்கு எத்தனை பேர் கூடினால் சமாளிப்பார்? பரிமாறும் ஆள், இலை, தண்ணீர் பாட்டில் எல்லாம் அந்த 220க்குள் அடக்கமா என்பதையும் சேர்த்துக் கேட்டு வந்தார். ஆளும் இலையும் அடக்கம், பாட்டில் நம் பொறுப்பு. பந்தியில் இலை எண்ண நம் ஆள் ஒருவர் நிற்க வேண்டும் என்பதும் அப்போதுதான் வேலைப் பட்டியலில் ஏறியது. அதற்கு மாமா மகன் ஒப்புக்கொண்டான்.

வேலைக்கு ஆள் இருக்கிறதா

பணத்துக்கு அடுத்து அதிக நேரம் எடுத்தது யார் எதைச் செய்வது என்பது. மண்டபம், மேளம் இரண்டிலும் சிக்கல் இல்லை. “நாளைக்கே மண்டபத்துல அட்வான்ஸ் கட்டிடறேன்” என்றார் பெரியப்பா. “நாதஸ்வரம், தவில் எனக்குத் தெரிஞ்ச செட்டு, 18,000 பேசிட்டேன்” என்றார் மாமா. இரண்டிலும் பேசியவரே செய்கிறவர், அதை அப்படியே எழுதலாம்.

பூவில் அப்படி இல்லை. 48ஆவது நிமிடத்திலிருந்து மூன்று பேர் பேசினார்கள். மாலை கடலூரில் வாங்குவதா, புதுச்சேரியில் சொல்வதா என்று ஒரு விவாதம். பெரிய மார்க்கெட்டில் மலிவு என்றார் ஒருவர், காலையில் அங்கிருந்து வந்து சேராது என்றார் இன்னொருவர். கடைசியில் “சரி, பாத்துக்கலாம்” என்று அப்பா முடித்தார். மூவரும் தங்கள் கருத்தைச் சொன்னார்கள், யாரும் ‘நான்’ என்று சொல்லவில்லை. அதிகம் பேசியவர் மாமா என்பதற்காக அவர் பெயரைப் போட்டிருந்தால் அவர் அதைப் பார்த்துச் சும்மா இருந்திருப்பார், கல்யாணத்துக்கு முந்தின நாள் கேட்டால் “நான் எப்ப சொன்னேன்?” என்பார். அதனால் பூ என்ற வரிக்கு எதிரே ‘ஆள் இல்லை’ என்றே எழுதினேன். ஆள் இல்லாத இடத்தை வெறுமையாக விட்டால் கண் தாண்டிப் போய்விடும்.

இதற்கு நேரெதிரான சிக்கல் தாய்மாமன் சீர். அதை யாரும் வாய் திறந்து பேசவே இல்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள். எங்கள் வழக்கில் தாலியும் கூறைப்புடவையும் மாப்பிள்ளை வீட்டார், பெண்ணுக்குப் பட்டும் மாலையும் தாய்மாமன். பேச்சில் இல்லாததை நான் பேசியதுபோல் எழுத முடியாது, எழுதாமல் விடவும் பயம். ‘வழக்கப்படி, பேசவில்லை’ என்று தனியாக ஒரு பகுதி போட்டு அதில் வைத்தேன். மாமா அதைப் படித்துவிட்டு உடனே கூப்பிட்டார். “பட்டு எடுத்துடறேன். மாலை அவங்க கொண்டாருவாங்கன்னுல்ல நினைச்சேன்?” என்றார். அந்த ஒரு பகுதியில்தான் பெண்ணுக்கு மாலையே இல்லாமல் போகும் ஓட்டை தெரிந்தது. அந்தப் போன் பேச்சிலேயே, மேடை மாலை உட்படப் பூ முழுவதையும் மாமாவே ஏற்றுக்கொண்டார். இப்போது அவர் பெயரைப் போடலாம்.

‘உங்க இஷ்டம்’ என்றால்

63ஆவது நிமிடத்தில் முகூர்த்தம் மண்டபத்திலேயா, திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலிலா என்று வந்தது. கடலூரைச் சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியும், முகூர்த்த நாளில் அங்கே வரிசையாகக் கல்யாணம் நடக்கும். அப்பாவுக்கு மண்டபம் போதும். பெரியப்பாவும் அதையே சொன்னார். அத்தையைக் கேட்டதற்கு, “உங்க இஷ்டம்” என்றார். அடுத்த நொடி பேச்சு வண்டிக்குப் போய்விட்டது.

இதை ‘முகூர்த்தம் மண்டபத்தில், முடிவு’ என்று எழுத எல்லா நியாயமும் இருந்தது. இரண்டு பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், மூன்றாமவர் மறுக்கவில்லை. ஆனால் அத்தை அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அதுவரை எல்லாத் தலைப்பிலும் பேசிக்கொண்டிருந்தவர் அவர். குறிப்பில் ‘முகூர்த்த இடம்: முடிவாகவில்லை’ என்று எழுதினேன். அத்தையிடம் தனியாகப் பேசினேன். தங்கை பிறந்தபோது அவளுக்குத் திருவந்திபுரத்தில் தாலி கட்ட வேண்டும் என்று அத்தை வேண்டிக்கொண்டாராம். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லி அண்ணன்களை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. அப்பாவிடம் சொன்னேன், அன்றே மாற்றிவிட்டார்.

இந்த ஒரு மாற்றம் மூன்று தாள்களைத் தொட்டது. காலையில் கோயிலுக்கு வருகிறவர் கொஞ்சம் பேர்தான், ஆனால் எல்லோரும் மண்டபத்துக்குத் திரும்பி வந்துதான் டிபன் சாப்பிடுவார்கள், அதனால் டிபன் நேரம் தள்ளிப் போனது. கோயிலுக்கும் மண்டபத்துக்கும் நடுவே வேன் வேண்டும் என்பது புதிய செலவு. கோயில் அலுவலகத்தில் என்னென்ன சான்று, எத்தனை நாள் முன்னால் என்று கேட்டு வருவது புதிய வேலை, அதை நான் எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் சான்றுகள் புதுச்சேரி அரசின் கீழ் வருபவை என்பதால் அவர் வீட்டுக்கு இரண்டு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் நடக்கும் கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் அதே வரியின் கீழ் போட்டேன், ஏனென்றால் அதே சான்றுகள்தான் அங்கேயும் வேண்டியிருக்கும்.

யாருக்கு எது போகும்

குறிப்பை ஒன்றாக எழுதி எல்லோருக்கும் அனுப்பவில்லை. மாப்பிள்ளையின் அக்கா கணவர் 45ஆவது நிமிடத்தில் விடைபெற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு பேசியது எங்கள் வீட்டுப் பேச்சு. நகை, யார் எவ்வளவு தருகிறார், அப்பாவின் கையிருப்பு எல்லாம் அதில்தான். சம்பந்தி வீட்டுக்குப் போன தாளில் அவர்கள் பொறுப்பும், நேரமும், இடமும், அவர்களிடம் நாங்கள் கேட்க வேண்டிய எண்ணிக்கையும் மட்டும். பணத் தாள் அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவருக்கு மட்டும்.

நகையை நான் ரூபாயில் எழுதவில்லை. அப்பா “இருக்கறதோட புதுசா அஞ்சு சவரன்” என்றார், குறிப்பிலும் ஐந்து சவரன் என்றே இருக்கிறது. தங்கம் விலை தினம் மாறுகிறது. அதன் மேல் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி வேறு. பேசிய அன்றைய விலையில் ரூபாயாக எழுதினால் வாங்கப் போகும் அன்றைக்கு அந்த எண் பொய்யாகியிருக்கும். மற்ற செலவு மொத்தத்தில் நகையைச் சேர்க்கவே இல்லை.

செண்டை மேளம் வேண்டுமா என்பதில் மாமாவுக்கும் பெரியப்பாவுக்கும் கொஞ்சம் சூடாகப் போனது. குறிப்பில் ‘நாதஸ்வரம், தவில் உறுதி, செண்டை இல்லை’ என்று ஒரு வரி. யார் வேண்டும் என்றார், யார் வேண்டாம் என்றார் என்று எழுதவில்லை. செய்ய வேண்டிய வேலைக்கு அது தேவையில்லை, போனில் படிக்கும் பெரியவர்களுக்கு மனக்கசப்பு ஒன்றுதான் மிச்சம்.

அப்பாவுக்குப் போன பணத் தாளின் தலைப்பகுதி இப்படி இருந்தது:

மண்டபம் 60,000, விலை உறுதி, மின்சாரமும் துப்புரவும் தனி.
மேளம் 18,000, விலை உறுதி.
சாப்பாடு 1,82,000, விலை கேட்டது, இலை கணிப்பு.
பத்திரிகை 7,500, 300 படி, 25 வீதம்.
பூ, மேடை 40,000, பேச்சில் வந்தது, விலை கேட்கவில்லை.
போட்டோ, வீடியோ 50,000, பேச்சில் வந்தது.
வேன் 15,000, பேச்சில் வந்தது.

மொத்தம் 3,72,500. நகையும் துணியும் நீங்கலாக 4,50,000 என்று அப்பா சொன்ன எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் இதில் நிஜமாக விலை பேசி முடிந்தது 78,000 மட்டும். 1,05,000 யாரும் கடையில் கேட்காமல் வாயில் வந்த எண். அப்பா மொத்தத்தைப் பார்த்து நிம்மதியானார். கடைசி மூன்று வரியைக் காட்டி, விலை கேட்டு வந்த பிறகுதான் மீதிப் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன்.

நீளமான தாளைப் படிக்காத அத்தைக்கு அவர் பெயர் வரும் வரிகளை மட்டும் வாய்ஸ் மெசேஜாகச் சொல்லி அனுப்பினேன். மற்றவர்களுக்கும் தாளோடு, அவரவர் பெயர் வரும் வரியைத் தனியாக எடுத்துப் போட்டு, “இது சரியா?” என்று மட்டும் கேட்டேன். முழுத் தாளுக்கும் கருத்து கேட்டால் ‘சூப்பர்’ என்று ஒரு பதில் வரும், ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். தன் பெயரும் ஒரு தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஆட்கள் பதில் சொல்கிறார்கள்.

பதில்களைச் சேர்த்து இரண்டாவது தாளை, மேலே தேதி போட்டு, பழையதை அழித்துவிடும்படி சொல்லி அனுப்பினேன். வரவேற்புக்குக் குறைந்தபட்சம் 425 இலைக்குச் சமையல்காரரிடம் முடிந்திருக்கிறது. பூ மாமாவிடம், முகூர்த்தம் திருவந்திபுரத்தில், அட்வான்ஸ் பெரியப்பா கையால் போயிற்று. ‘ஆள் இல்லை’ என்று இன்னும் நிற்பது ஒரே வரி: வில்லியனூரிலிருந்து வரும் புதுச்சேரிப் பதிவு வேன் முள்ளோடை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வர பெர்மிட் யார் பார்ப்பது, அந்தச் செலவு வாடகையில் அடக்கமா என்பது. ஞாயிற்றுக்கிழமை அப்பா சம்பந்தி வீட்டில் பேசுகிறார்.